எலுமிச்சை மணத்துக்குள் இரண்டு மாத்திரைகள்

சளி, காய்ச்சல் மருந்துகளின் உறைகளுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். மருந்து உறையில் எந்தச் சொல் எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். அந்த உறையை வாங்குகிறவருக்கு எடுத்துக் கொடுக்கிற மருந்தாளுநர் நான். வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் சளி, காய்ச்சல் தூள் பாக்கெட்டைப் பற்றித்தான் இந்த மடல். அதன் மேல் இருக்கும் ஒரு சொல்லைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கிறேன். கேட்பது சின்னதுதான். காரணத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டியிருக்கிறது.

ஒருநாள் மாலை ஒரு பெண் வந்தார். முப்பத்தெட்டு வயது, பிறகு கேட்டதில் எடை 56 கிலோ என்றார். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள். முகம் வெளிறியிருந்தது. "காலையிலேருந்து குமட்டல், ரெண்டு தடவை வாந்தி. அதுக்கு ஏதாவது குடுங்க" என்றார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "வேற என்ன மாத்திரை எடுத்துக்கிட்டிருக்கீங்க?" தொண்டை வலி மாத்திரை மட்டும்தான், வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை என்றார். மாத்திரைப் பட்டையையும் காட்டினார். பாராசிட்டமால் 500 மில்லிகிராம். ஆறு மாத்திரை என்றால் 3 கிராம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் வரை என்பதுதான் பொதுவான உச்ச வரம்பு. மனக்கணக்கில் எல்லாம் சரியாக வந்தது. வாந்திக்கான மாத்திரையை எடுக்கத் திரும்பிவிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து கேட்டார்: "இதோட அந்த எலுமிச்சைத் தூளையும் கரைச்சுக் குடிக்கலாம்ல?"

கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அட்டைப்பெட்டி வீட்டில் இருந்ததோ குப்பைக்குப் போய்விட்டதோ தெரியாது. அவரிடம் இருந்தது ஒற்றை பாக்கெட். முன்பக்கத்தில் ஆவி பறக்கும் கோப்பை, ஒரு எலுமிச்சைத் துண்டு, அதற்குக் கீழே "சளி, காய்ச்சல், தொண்டை வலி, உடல்வலி" என்று பெரிய எழுத்து. பின்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான், ஒட்டிய விளிம்புக்கு மேலே பொடி எழுத்தில் அது கண்ணில் பட்டது: பாராசிட்டமால் 1000 மி.கி. ஒரு பாக்கெட்டுக்குள் இரண்டு மாத்திரை.

ஒரு தாளை எடுத்து, முந்தின நாள் எந்தெந்த நேரத்தில் என்னென்ன எடுத்தார் என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதினேன். காலை ஆறரைக்கு எழுந்ததும் ஒரு பாக்கெட். ஒன்பது மணிக்கு விழுங்கவே முடியாத அளவு தொண்டை வலி, இரண்டு மாத்திரை. பன்னிரண்டரைக்கு இரண்டாவது பாக்கெட். மூன்று மணிக்கு மறுபடி இரண்டு மாத்திரை. மாலை ஆறரைக்கு மூன்றாவது பாக்கெட், இரவு ஒன்பதுக்கு மாத்திரை. பதினொரு மணிக்கு, தூக்கம் வரட்டும் என்று நான்காவது பாக்கெட். ஏழு வேளை, ஒவ்வொன்றும் 1 கிராம். ஒரே நாளில் 7 கிராம். அதற்கு முந்தின நாளும் அப்படியே. கடைக்கு வந்த அன்றைக்கும் அதற்குள் 4 கிராம் உள்ளே போயிருந்தது.

இந்த அட்டவணையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பாக்கெட்டின் பின்னால் "நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, 24 மணி நேரத்தில் நான்குக்கு மேல் வேண்டாம்" என்று இருந்தது. அவர் எடுத்தது நான்கு. மிகக் குறைந்த இடைவெளியே நாலரை மணி நேரம். மாத்திரைப் பட்டையில் "வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம்" என்று இருந்தது. அவர் எடுத்தது ஆறு. ஒவ்வொரு உறையும் சொன்னதை ஒரு வரி பிசகாமல் செய்திருக்கிறார். இரண்டு உறைகளும் ஒன்றையொன்று அறியாமல் பேசியதால் வந்தது அந்த 7 கிராம். நோயாளிகள் எழுதியதைப் படிப்பதில்லை என்று நம்மில் பலரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இவர் படித்திருந்தார்.

அவர் ஏன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதற்கு விடை என் கேள்வியிலேயே இருந்தது. "என்ன மாத்திரை?" என்று கேட்டேன், அவர் மாத்திரையைச் சொன்னார். வெந்நீரில் கரைகிற, மணக்கிற, இனிக்கிற ஒன்று அவர் மனதில் மருந்து வரிசையில் இல்லை. தொண்டைக்கு இதமாகக் குடிக்கும் பானம், அவ்வளவுதான். உறையில் இருந்த கோப்பையும் பழத்துண்டும் அவருக்கு அதைத்தான் சொல்லியிருந்தன. படம் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது.

இன்னொரு குழப்பம் "தொண்டை" என்ற சொல்லில் இருக்கிறது. தொண்டை மாத்திரை என்று ஒருவர் கேட்டால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, வாயில் போட்டுச் சப்புவது. அதில் பெரும்பாலும் கிருமிநாசினியோ மரத்துப்போகச் செய்யும் மருந்தோ இருக்கும், பாராசிட்டமால் இருப்பது அரிது. (சிலவற்றில் ஃப்ளர்பிப்ரோஃபென் என்ற வலிமருந்து 8.75 மி.கி. இருக்கும். ஐபுப்ரோஃபென் விழுங்குகிறவர்களுக்கு அது வேறொரு இரட்டைக் கணக்கு. அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்ளலாம்.) மற்றொன்று, தண்ணீரோடு விழுங்குவது. தொண்டை வலிக்கென்று விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் பாராசிட்டமால்தான். மேல்பட்டையில் "தொண்டை வலிக்கு" என்று எழுதிவிட்டால், வாங்குகிறவர் அதைத் தொண்டைக்கு மட்டும் போய்ச் சேரும் தனி மருந்து என்று நினைப்பதில் தவறு இல்லை. காய்ச்சலுக்குத் தூள், தொண்டைக்கு மாத்திரை. வேறு வேறு வேலைக்கு வேறு வேறு ஆள் என்ற கணக்கு.

ஆனால் ஆள் ஒருவர்தான். தூள் பாக்கெட்டின் முன்பக்கத்தில் இருந்த அந்த நான்கு உபாதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலைக் குறைப்பது பாராசிட்டமால். தொண்டை வலியை, உடல்வலியைக் குறைப்பதும் அதுவே. மீதமிருப்பது சளி, அதாவது மூக்கடைப்பு. அதற்காகப் பல பாக்கெட்டுகளில் சேர்ப்பது ஃபினைல்எஃப்ரின். வாய்வழியாக எடுத்துக்கொண்டால் அது மூக்கடைப்புக்குப் பயன்படவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஆக அந்தப் பாக்கெட்டில் உறுதியாக வேலை செய்வது பாராசிட்டமால் ஒன்றுதான். அதன் பெயர்தான் முன்பக்கத்தில் இல்லை.

கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை மற்றவர்களும் படிக்கக்கூடும், சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே போகும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பங்கு வரை இன்னொரு வழியில் போய் ஒரு நச்சுப் பொருளாகிறது. கல்லீரலில் குளூட்டாதயோன் என்ற ஒன்று எப்போதும் கையிருப்பில் உண்டு, அது இந்த நச்சைப் பிடித்து முடக்கிவிடும். சாதாரண அளவில் இது சத்தமில்லாமல் நடக்கிற காரியம். அளவு கூடினால் முதல் வழி நிரம்பி, இரண்டாம் வழியில் அதிகம் போகிறது. கையிருப்பு கரைகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டால் நச்சு கல்லீரல் செல்களையே தாக்க ஆரம்பிக்கும்.

இதில் கொடுமை, அந்தக் கையிருப்பு நாம் சாப்பிடுவதிலிருந்துதான் நிரம்ப வேண்டும். தொண்டை வலிக்காரர் சாப்பிடுவதில்லை. அந்தப் பெண்ணும் இரண்டரை நாளாக எதையும் சரியாக விழுங்கவில்லை. மருந்து கூடுகிற அதே நாட்களில் அதைத் தாங்கும் சக்தியும் குறைந்துகொண்டே வருகிறது. ஐம்பது கிலோவுக்குக் குறைவானவர்கள், தினமும் மது அருந்துகிறவர்கள், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற மருந்துகளில் இருப்பவர்கள் ஆகியோருக்கு எல்லை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

எண்ணாகச் சொன்னால், 24 மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 75 மி.கி.க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு எல்லை. 56 கிலோவுக்கு அது 4200 மி.கி. அவர் எடுத்தது 7000, கிலோவுக்கு 125. இந்த அளவு எடுத்த எல்லோருக்கும் கல்லீரல் கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. பலர் ஒன்றும் ஆகாமல் தப்பித்துவிடுகிறார்கள், தாங்கள் தப்பித்ததே தெரியாமல். யார் தப்புவார், யார் மாட்டுவார் என்பது ரத்தப் பரிசோதனை செய்யாமல் தெரியாது.

அறிகுறியை நம்பவும் முடியாது. பாராசிட்டமால் கூடிப்போனதன் முதல் அடையாளம் குமட்டல், வாந்தி, வியர்வை, சோர்வு, பசியின்மை. காய்ச்சல்காரருக்கு இவை எல்லாமே காய்ச்சலாலும் வரும். வலது விலா எலும்புக்குக் கீழே வலி, கண் மஞ்சளாவது எல்லாம் பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறவை. நடுவில் ஒரு நாள் வாந்தி நின்று கொஞ்சம் தேவலை போலக்கூட இருக்கும். உடம்பு சரியாகவில்லையே என்று இன்னொரு பாக்கெட்டைக் கரைப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இல்லை.

சரி, அவருக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். வாந்தி மாத்திரையைக் கொடுக்கவில்லை. அந்த நேர அட்டவணைத் தாளையும், காலிப் பாக்கெட்டையும், மாத்திரைப் பட்டையையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்து, நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் இயல்பான உச்சத்தைப் போல எட்டு மடங்கு இருந்ததாகப் பிறகு சொன்னார். குளூட்டாதயோன் கையிருப்பை நிரப்ப உதவும் அசிட்டைல்சிஸ்டீனைச் சொட்டு மருந்தாக ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஏற்றினார்கள். அடுத்தடுத்த நாட்களில் நொதிகள் இறங்கின. வீடு திரும்பிவிட்டார், நன்றாக இருக்கிறார்.

அந்தக் கவரைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவிலும் அவரிடம் முதலில் கேட்டது "எத்தனை மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்றுதான். அவர் பதில் அங்கேயும் "ஒரு நாளைக்கு ஆறு." உண்மையான பதில். ஒரே தடவையில் நிறைய விழுங்கியவர்களுக்கு, விழுங்கிய நேரத்தையும் ரத்தத்தில் உள்ள அளவையும் வைத்து, சிகிச்சை தேவையா என்று பார்க்க 1975-இலிருந்து ஒரு வரைபடம் இருக்கிறது. இரண்டு மூன்று நாளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்தவருக்கு அந்த வரைபடம் உதவாது. எந்த நேரத்திலிருந்து எண்ணுவது? பாராசிட்டமால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும், ஆகவே பரிசோதனையில் அளவு குறைவாகக் காட்டினாலும் ஆபத்து இல்லை என்று ஆகாது. அங்கே மருத்துவர் கையில் இருப்பது இரண்டே ஆதாரம்: கல்லீரல் பரிசோதனை, அப்புறம் நோயாளி சொல்லும் கணக்கு. கல்லீரல் நொதிகள் ஏறுவதற்கு முன்பே ஒருவர் வந்துவிட்டால் அந்தக் கணக்கு ஒன்றுதான். அதில் பாதிக்கு மேல் ஒரு கோப்பைப் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

"பாராசிட்டமால் உள்ள வேறு மருந்துகளுடன் சேர்த்து எடுக்க வேண்டாம் என்று எச்சரிக்கை ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கிறதே" என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. அந்த வாக்கியத்தை அவர் படித்தும் இருந்தார். அது அவருக்கு உதவவில்லை. ஏனென்றால் அதன்படி நடக்க அவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: இந்தப் பாக்கெட்டில் பாராசிட்டமால் இருக்கிறது, அந்த மாத்திரையிலும் இருக்கிறது. "வேறு மருந்து" என்று படித்தபோது அவர் நினைத்தது வேறு சளித்தூள்களை. கூடவே பெயர்க் குழப்பம் வேறு. சில நாடுகளில் இதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர், சில உறைகளில் ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக நான்கே எழுத்து. வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கிவந்த பாக்கெட்டும் உள்ளூர் மாத்திரையும் ஒரே வீட்டு அலமாரியில் இருந்தால், இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடிக்க வேதியியல் படித்திருக்க வேண்டும்.

இனி நான் கேட்பது.

மருந்தின் பெயரும் அளவும் முன்பக்கத்தில் வரட்டும். முக்கியமாக ஒவ்வொரு பாக்கெட்டின் முன்பக்கத்திலும். அட்டைப்பெட்டியில் மட்டும் போட்டால் போதாது. பெட்டி முதல் நாளே போய்விடும், கைப்பையிலும் மேசை இழுப்பறையிலும் தலையணைக்குப் பக்கத்திலும் இருப்பது பாக்கெட்டுதான். பெயர் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கும் மருந்துகளின் முகப்பில், அங்கே இருக்கும் மிகப் பெரிய எழுத்தில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு அளவுக்காவது இந்த மருந்தின் பெயர் எடுப்பாக வர வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் விதி போட்டது. நான்கில் ஒரு பங்கு என்பது எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. ஆனால் இப்போது இருக்கும் பொடி எழுத்தோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய வசதி.

பெயரோடு இன்னொரு வரியும் வேண்டும். "1000 மி.கி." என்ற எண் படித்தவருக்கே சட்டென்று ஒன்றும் சொல்வதில்லை. "இந்தப் பாக்கெட்டில் 500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரை இரண்டின் அளவு மருந்து இருக்கிறது" என்று எழுதுங்கள். எல்லோருக்கும் மாத்திரையை எண்ணத் தெரியும். பாக்கெட்டை மாத்திரைக் கணக்கில் சொல்லிவிட்டால், கூட்டல் அவர்களே போட்டுக்கொள்வார்கள். ஒரு தயாரிப்பில் 500, இன்னொன்றில் 650, வேறொன்றில் 1000 என்று இருக்கும்போது, எல்லா உறையிலும் அதே கோப்பைப் படம்தான் இருக்கும்போது, இந்த வரி இல்லாமல் வேறுபாடு தெரிய வழியே இல்லை.

தொண்டை வலிக்கு என்று விற்கும் விழுங்கு மாத்திரைக்கும் இதே விதி. உபாதையின் பெயரைவிட மருந்தின் பெயர் சின்னதாக இருக்கக் கூடாது.

தயாரிப்பாளர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். பாக்கெட்டில் இடம் இல்லை என்பார்கள். இடம் இருக்கிறது, இப்போது அதில் எலுமிச்சை உட்கார்ந்திருக்கிறது. மருந்துப் பெயர் பெரிதாக இருந்தால் மக்கள் பயப்படுவார்கள் என்பார்கள். பாராசிட்டமால் மாத்திரை பெயரோடுதான் விற்கிறது, யாரும் பயந்து ஓடவில்லை. பெயரைப் பார்த்து, "இதுதான் வீட்டில் இருக்கிறதே" என்று சிலர் வாங்காமல் போகலாம். உண்மையான தயக்கம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை நீங்கள் உங்கள் கவலையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் பங்கையும் மறைக்கவில்லை. அன்றைக்கு அவர் தானாகக் கேட்டிருக்காவிட்டால் வாந்தி மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அதற்குப் பிறகு என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "என்ன மாத்திரை எடுக்கிறீங்க?" என்று கேட்பதில்லை. "விழுங்குறது என்ன, கரைச்சுக் குடிக்கிறது என்ன, சப்புறது என்ன?" என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிறேன். இரண்டாவது கேள்விக்கு எத்தனை பேர் "அட, ஆமா" என்று நிறுத்தி யோசிக்கிறார்கள் என்பதைப் பார்க்க நீங்கள் ஒருநாள் என் பக்கத்தில் வந்து நிற்கலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு தூளின் உறை மாதிரி ஒப்புதலுக்காக உங்கள் மேசைக்கு வரும்போது ஒன்று செய்யுங்கள். அட்டைப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, ஒற்றைப் பாக்கெட்டை மட்டும் எடுத்து, மருந்துத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கையில் கொடுங்கள். முன்பக்கத்தை ஐந்து விநாடி பார்க்கச் சொல்லிவிட்டு, இதைக் குடித்த பிறகு தொண்டை வலிக்கு இந்த மாத்திரையைச் சேர்த்து விழுங்கலாமா என்று கேளுங்கள். "தாராளமா" என்று அவர் சொன்னால், அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கவுண்டரில் நிற்கும் ஒரு மருந்தாளுநர்